ஒரு மாதம் சிங்கப்பூர், நடுவில் நாலு நாள் மலேசியா: ஃபாரெக்ஸ் கார்டா, ப்ரீபெய்டா, கையில் இருக்கிற டெபிட் கார்டே போதுமா?

கே.கே.நகர் சுந்தரம்

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குப் பிரசவம். நானும் மனைவியும் அடுத்த மாதம் மதுரையிலிருந்து நேரடி விமானத்தில் சிங்கப்பூர் போகிறோம். ஒரு மாதம் மகள் வீட்டில் தங்கல், அதனால் வாடகைச் செலவு இல்லை. காய்கறி, மருந்து, குழந்தைக்குத் தேவையான சாமான், பஸ், ரயில் எல்லாம் சேர்த்து 2000 சிங்கப்பூர் டாலர் ஆகும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். இடையில் சம்பந்தி வீட்டாரோடு பத்துமலை போய்வர நாலு நாள். அதற்கு 1500 ரிங்கிட் போல.

என்னிடம் பென்ஷன் கணக்கு டெபிட் கார்டு இருக்கிறது. வங்கிக் கிளையில் கேட்டால் பல நாட்டுப் பணம் ஏற்றுகிற ஃபாரெக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறார்கள். அக்காள் மகன் தன் மொபைல் ஆப்பில் ஒரு ப்ரீபெய்டு கார்டு எடுத்துத் தருகிறேன் என்கிறான், கட்டணமே கிடையாதாம். மூன்றில் எது? மூன்றையும் தூக்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை நான். ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

மேலூர் பாண்டி

சார், யோசிக்கவே வேண்டாம். வெளிநாட்டில் தேய்த்தால் ரேட்டுக்கு மேல் வங்கி பிடிக்கிற சதவீதம்தான் ஃபாரெக்ஸ் மார்க்அப். அது இல்லாத டெபிட் கார்டு இப்போது சில வங்கிகள் தருகின்றன. ஆப்பிலேயே கணக்குத் திறந்து, நம் ரூபாயை அதில் போட்டுவிட்டுப் போனால் போதும். தேய்க்கிற நேரத்தில் என்ன ரேட்டோ அதில் கழியும், மேலே ஒரு பைசா கிடையாது. ஃபாரெக்ஸ் கார்டு எல்லாம் பழைய காலம். பென்ஷன் கணக்கு கார்டைக் கொண்டுபோனால் ஒவ்வொரு தடவையும் மூன்றரை சதவீதம் போகும்.

தல்லாகுளம் விசாலாட்சி

சுந்தரம் சார், நான் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் உங்கள் பென்ஷன் கார்டை எடுத்து முன்பக்கம் பாருங்கள். விசாவா, மாஸ்டர்கார்டா, ரூபேயா? பென்ஷன் கணக்குகளுக்குப் பெரும்பாலும் ரூபே கார்டுதான் தருவார்கள். உள்நாட்டு ரூபே கார்டு சிங்கப்பூரில் ஓடாது. ரூபே இன்டர்நேஷனல் என்று தனியாக ஒன்று உண்டு, அது பெரும்பாலும் டிஸ்கவர், டைனர்ஸ் கார்டு வாங்குகிற இடங்களில் செல்லும். கார்டு என்னவென்று தெரியாமல் மேலே பேசிப் பயனில்லை.

பாண்டி தம்பி சொல்வது பாதி சரி. மீதியைப் பிறகு சொல்கிறேன்.

கே.கே.நகர் சுந்தரம்

மேடம், பார்த்துவிட்டேன். பென்ஷன் கணக்கில் ரூபேதான், இன்டர்நேஷனல் என்று எதுவும் எழுதவில்லை. மனைவியின் சேமிப்புக் கணக்கு வேறு வங்கி, அதில் விசா டெபிட் கார்டு இருக்கிறது.

தல்லாகுளம் விசாலாட்சி

அப்படியானால் டெபிட் கார்டு என்று நாம் பேசப்போவது அம்மாவின் விசா கார்டை. அதுவும் இப்போது வெளிநாட்டில் வேலை செய்யாமல் இருக்கலாம். ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தருகிற கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். நாம்தான் ஆப்பிலோ நெட்பேங்கிங்கிலோ ஏடிஎம்மிலோ திறக்க வேண்டும். திறக்கும்போதே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் போட்டுவிடலாம்.

இனி செலவைப் பார்ப்போம். எல்லோரும் மார்க்அப் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்கள். ஃபாரெக்ஸ் கார்டில் மார்க்அப் பூஜ்யம் என்றுதான் விளம்பரம் வரும். ஆனால் வங்கி தன் லாபத்தைப் பணம் ஏற்றுகிற அன்றைக்கே ரேட்டில் எடுத்துக்கொண்டுவிடும். அதனால் ஏற்றுகிற ரேட்டையும் அதே நேரத்துச் சந்தை ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும்.

கணக்குக்காகச் சந்தையில் ஒரு சிங்கப்பூர் டாலர் 68 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 டாலருக்கு 1,36,000 ரூபாய். கிளையில் கார்டுக்கு 69.70 சொல்கிறார்கள் என்றால் நீங்கள் கட்டுவது 1,39,400. அந்நியச் செலாவணி வாங்குவதற்கு ஜிஎஸ்டி உண்டு, இந்தத் தொகைக்கு அது 215 ரூபாய். கார்டு தருவதற்கு 300 ரூபாயும் அதன் மேல் வரியும் என்றால் 354. ஆக மொத்தம் கிட்டத்தட்ட 4,000 ரூபாய் அதிகம், அதாவது 3 சதவீதத்தை ஒட்டி வருகிறது. பூஜ்யம் எங்கே போயிற்று?

அதே கார்டை நாணய மாற்று நிறுவனத்தில் 68.50-க்குப் பேசி, கார்டு கட்டணமும் இல்லாமல் வாங்கினால் வரியோடு சேர்த்து 1,213 ரூபாய்தான் அதிகம்.

அம்மாவின் டெபிட் கார்டில் மூன்றரை சதவீத மார்க்அப், அந்த மார்க்அப் மேல் 18 சதவீத வரி. இரண்டும் சேர்ந்து 4.13 சதவீதம். 2000 டாலருக்கு 5,617 ரூபாய்.

ஆக, மோசமான ரேட்டில் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டுக்கும் சாதாரண டெபிட் கார்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல ரேட்டில் ஏற்றினால் நிறைய வித்தியாசம்.

மேலூர் பாண்டி

அக்கா, அதைத்தான் நானும் சொல்கிறேன். மார்க்அப் இல்லாத டெபிட் கார்டில் அந்த 1,213-ம் இல்லையே?

தல்லாகுளம் விசாலாட்சி

கடையில் தேய்க்கிறவரை நீங்கள் சொல்வதுதான் மலிவு, அதில் எனக்கு மறுப்பில்லை. விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் இணையதளத்தில் அன்றன்றைய ரேட்டைக் கணக்குப் போட்டுக் காட்டுகின்றன. அந்த ரேட் சந்தை ரேட்டை ஒட்டியே இருக்கும்.

ஆனால் ஏடிஎம்மில் பணமாக எடுத்தால் கார்டு தந்த வங்கியின் கட்டணம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். அந்த ஊர் ஏடிஎம்காரர் தன் பங்குக்கு ஒன்று பிடிக்கலாம், அதை நம் வங்கி தடுக்க முடியாது. அப்புறம், சுந்தரம் சார் அடுத்த மாதம் கிளம்புகிறார். புதுக் கணக்கு, வீடியோ கேஒய்சி, கார்டு தபாலில் வருவது, அதை இங்கேயே ஒரு தடவை போட்டுப் பார்ப்பது, இத்தனையும் நடக்க வேண்டும். முடிந்தால் நல்லது.

திண்டுக்கல் ரவி

எனக்கும் இதே கேள்விதான். மகன் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போகிறான். அங்கே பிளாக்டு அக்கவுண்டில் பணம் கட்டச் சொல்கிறார்கள். அதை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக் கட்டிவிடலாமா? யூரோ ரேட் எங்கே குறைவு?

தல்லாகுளம் விசாலாட்சி

ரவி சார், அது வேறு வேலை. பிளாக்டு அக்கவுண்டுக்கு வங்கி வழியாக வயர் ட்ரான்ஸ்ஃபராகத்தான் அனுப்ப வேண்டும், அதற்கு TT Selling ரேட். படிப்புக்கு என்று காரணத்தைச் சரியாகப் போடுங்கள், வரி விதி அதைப் பொறுத்தது. தனி இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.

கே.கே.நகர் சுந்தரம்

மேடம், அக்காள் மகன் சொன்ன ப்ரீபெய்டு கார்டு? அவன் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்புறம், வெளிநாட்டுப் பணம் வாங்கினால் 20 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அதுவும் ஒரு கவலை.

தல்லாகுளம் விசாலாட்சி

வரிக் கவலையை விடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணுக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் அந்தப் பிடித்தம். நீங்கள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

ப்ரீபெய்டு கார்டில் இரண்டு வகை உண்டு, பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பம். ஃபாரெக்ஸ் கார்டும் முன்பணம் போட்ட கார்டுதான், ஆனால் அதில் இருப்பது டாலர். ஆப்பில் தருகிற ப்ரீபெய்டு கார்டில் இருப்பது ரூபாய். ரூபாய் ப்ரீபெய்டுக்கு ரிசர்வ் வங்கி கடுமையான எல்லை வைத்திருக்கிறது. முழு கேஒய்சி முடித்திருக்க வேண்டும், அந்நியச் செலாவணி அனுமதி உள்ள வங்கி தந்ததாக இருக்க வேண்டும், நாமே கேட்டு வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்திருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய், ஒரு மாதத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு மேல் போகாது. பொருளும் சேவையும் வாங்க மட்டும்தான் அனுமதி.

உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள். 10,000 ரூபாய் என்றால் 147 டாலர். குழந்தைக்கு 160 டாலருக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கப் போனால் கல்லாவில் கார்டு மறுக்கப்படும், உள்ளே எவ்வளவு பணம் இருந்தாலும் சரி. மாதம் முழுக்க 735 டாலர்தான். உங்கள் தேவையில் பாதிகூட இல்லை. பரிசாகத் தருகிற கிஃப்ட் கார்டு வகையென்றால் அதுவும் இல்லை, வெளிநாட்டில் ஓடவே ஓடாது.

அக்காள் மகனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: கார்டுக்குள் இருப்பு ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா? ரூபாய் என்றால் விட்டுவிடுங்கள்.

மேலூர் பாண்டி

கார்டே எதற்கு, யுபிஐ சிங்கப்பூரில் வந்துவிட்டதே? போனில் ஸ்கேன் பண்ணிவிட்டுப் போகலாம்.

சிராங்கூன் செல்வி

நான் உசிலம்பட்டி, இங்கே வந்து வருஷக்கணக்காகிறது. பாண்டி, எங்கள் பேட்டைக் கடைகளில் போய் நம் ஊர் யுபிஐயை ஸ்கேன் பண்ணலாம் என்று நம்பி வராதீர்கள். இங்கே ஒட்டியிருக்கிறது பேநவ் க்யூஆர், இந்த ஊர் யுபிஐ மாதிரி. சில கடைகளில் யுபிஐ எடுக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை.

சுந்தரம் மாமா, இங்கே வந்ததும் கார்டு எங்கே ஓடும், எங்கே ஓடாது என்று சொல்கிறேன். சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை, முஸ்தபா பேரங்காடி எல்லாம் கார்டு. தேக்கா சந்தையில் மீன், கறி, கீரை வாங்கப் போனால் ரொக்கம் அல்லது பேநவ். உணவங்காடியில் தேநீர் வாங்கினாலும் அப்படித்தான், பல கடைகளில் கார்டு வாங்க மாட்டார்கள். அதனால் ரொக்கம் இல்லாமல் வராதீர்கள். இரண்டு பேருக்கு ஒரு மாதத்துக்கு 500 வெள்ளி, அதாவது 500 டாலர், ரொக்கம் இருந்தால் தாராளம்.

பஸ், எம்ஆர்டி ரயிலில் விசா, மாஸ்டர்கார்டை நேரடியாகத் தட்டிவிட்டு ஏறலாம். ஆனால் வெளிநாட்டுக் கார்டு என்றால், தட்டுகிற ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு தனியாகப் பிடிப்பார்கள். தினமும் வெளியே போகிறவர் என்றால் ஈஸி லிங்க் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஃபாரெக்ஸ் கார்டைத் தொடவே வேண்டாம், ரொக்கம் போட்டு ஏற்றலாம்.

தல்லாகுளம் விசாலாட்சி

செல்வி சொன்ன 60 காசு நல்ல தகவல். யுபிஐ பற்றி ஒரு வார்த்தை: 2023 பிப்ரவரியில் யுபிஐயையும் பேநவ்வையும் இணைத்தார்கள். அது ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப. தொடங்கியபோது ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை என்றார்கள், இரண்டு பக்கமும் அந்த ஏற்பாட்டில் சேர்ந்த வங்கிகளாக இருக்க வேண்டும். சுந்தரம் சாரின் வங்கி அதில் இருந்தால், பெரிய சாமானுக்கு மகளே அங்கே பணம் கட்டிவிட்டு, இவர் மகளுக்கு அனுப்பலாம். ஆனால் அனுப்புகிற திரையில் என்ன ரேட் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கே.கே.நகர் சுந்தரம்

மகளிடம் பணம் கட்டச் சொல்ல எனக்கு மனம் இல்லை மேடம். பிரசவச் செலவே அவர்களுக்கு நிறைய. போன இடத்தில் எங்கள் செலவாவது எங்கள் கையில் இருக்கட்டும்.

தல்லாகுளம் விசாலாட்சி

புரிகிறது சார். அப்படியானால் ஃபாரெக்ஸ் கார்டை நடுவில் வைத்துக் கணக்குப் போடுவோம்.

அடுத்து மலேசியா. இங்கேதான் பலருக்குப் பணம் போகிறது. பல நாட்டுப் பணம் என்று பெயர் இருந்தாலும் எல்லா நாட்டுப் பணமும் அதில் இருக்காது. சிங்கப்பூர் டாலர் ஏறக்குறைய எல்லாக் கார்டிலும் உண்டு. ரிங்கிட் சில கார்டுகளில்தான் உண்டு. ரிங்கிட் இல்லாத கார்டைக் கோலாலம்பூரில் தேய்த்தால், உள்ளே இருக்கிற சிங்கப்பூர் டாலரிலிருந்து மாற்றி எடுப்பார்கள். அதற்குக் குறுக்கு நாணயக் கட்டணம் என்று 2 முதல் மூன்றரை சதவீதம் வரை போகும். ரேட்டில் ஒரு தடவை கொடுத்து, இங்கே இன்னொரு தடவை கொடுக்கிறீர்கள்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்றேகால் ரிங்கிட் என்றால், 300 ரிங்கிட் பில்லுக்கு 92.31 டாலர் கழிய வேண்டும். போனில் வந்த செய்தியில் 95.54 கழிந்திருந்தால் அந்த 3.23 டாலர்தான் கட்டணம். 1500 ரிங்கிட்டுக்கும் சேர்த்தால் 1,100 ரூபாய் பக்கம் வரும்.

கார்டில் ரிங்கிட் இருந்தாலும், நாலு நாளுக்காக அதைத் தனியாக ஏற்ற நான் சொல்ல மாட்டேன். மிச்சமானால் திருப்பும்போது நஷ்டம். சிங்கப்பூரிலேயே நாணய மாற்றுக் கடையில் டாலரைக் கொடுத்து ரிங்கிட் ரொக்கமாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

சிராங்கூன் செல்வி

ஆமாம், சிராங்கூன் ரோட்டிலேயே வரிசையாக மாற்றுக் கடைகள். ரிங்கிட்டுக்கு இங்கே நல்ல ரேட். நம் ரூபாயையும் வாங்குவார்கள் மாமா. ஊரிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் கட்டாகக் கொண்டுவந்தால் இங்கேயே மாற்றிக்கொள்ளலாம், கார்டுக்கே அலைய வேண்டாம்.

தல்லாகுளம் விசாலாட்சி

செல்வி, அது கூடாதும்மா. இந்தியாவை விட்டுப் போகும்போது ஒருவர் 25,000 ரூபாய் வரைதான் ரூபாய் நோட்டாகக் கொண்டுபோகலாம். இரண்டு பேருக்கு 50,000. அதற்கு மேல் அவனியாபுரம் விமான நிலையத்தில் சுங்கத்திடம் மாட்டினால் பயணமே கெட்டுவிடும்.

ஆனால் அந்த 50,000-க்குள் யோசனை நல்லதுதான். மதுரையில் சிங்கப்பூர் டாலர் ரொக்கமாக வாங்கினால், கார்டு ரேட்டைவிட ரொக்க ரேட் கூடுதலாகவே இருக்கும். சிராங்கூனில் ரூபாயைக் கொடுத்தால் அன்றைக்கு என்ன கிடைக்கிறது என்று நீங்கள் பார்த்துச் சொன்னால் சுந்தரம் சார் ஒப்பிட்டுக்கொள்வார். இறங்கியதும் கைச்செலவுக்கு 100 டாலராவது இங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது.

அவனியாபுரம் கார்த்தி

கோலாலம்பூரில் ஹோட்டலில் தங்குவீர்களா சார்? என் அனுபவம் ஒன்று. ஹோட்டலில் அறை எடுக்கும்போது முன்பணப் பிடிப்பு என்று ஃபாரெக்ஸ் கார்டைத் தேய்க்கச் சொன்னார்கள். 200 ரிங்கிட் பிடித்து வைத்தார்கள். அறையைக் காலி செய்த அன்றே விடுவித்துவிட்டோம் என்று ஹோட்டலில் சொன்னார்கள். ஆனால் கார்டில் அது திரும்பி வரவே இல்லை. ஊருக்கு வந்து மிச்சப் பணத்தைத் திருப்பப் போனால், அந்தத் தொகை நிலுவையில் இருப்பதால் கார்டை மூட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். பல வாரம் கழித்துத்தான் இறங்கியது. இது ஏன் இப்படி?

தல்லாகுளம் விசாலாட்சி

கார்த்தி, பிடிப்பு என்பது செலவு இல்லை, பூட்டி வைப்பது. ஹோட்டல் விடுவித்தாலும் அந்தச் செய்தி அவர்கள் வங்கி, கார்டு நிறுவனம், நம் வங்கி என்று வர வேண்டும். எங்கேயாவது நின்றால், காலக்கெடு முடிந்து தானாக உதிரும்வரை பூட்டு இருக்கும். கிரெடிட் கார்டில் இது தெரியாது, வரம்பில்தான் குறையும். முன்பணம் போட்ட கார்டில் அது நம் சொந்தப் பணம், அதனால் வலிக்கும். ஆப்பில் மொத்த இருப்பு ஒன்று, எடுக்கக்கூடிய இருப்பு ஒன்று என்று இரண்டு எண் இருக்கும். இரண்டும் வேறாக இருந்தால் எங்கேயோ பிடிப்பு இருக்கிறது.

ஹோட்டல் முன்பணத்தை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மலேசியாவில் வாடகைக் கார் எடுத்தால் பெட்ரோல் பம்பில் எந்திரத்தில் கார்டைப் போடாதீர்கள், 200 ரிங்கிட் பிடித்துவிட்டு அப்புறம்தான் சரிசெய்வார்கள். உள்ளே கல்லாவில் போய் 50 ரிங்கிட்டுக்கு என்று சொல்லிக் கட்டுங்கள்.

கே.கே.நகர் சுந்தரம்

ஏடிஎம்மில் எடுக்க நேர்ந்தால் என்ன செய்வது மேடம்? மனைவியின் கார்டைத்தானே நம்ப வேண்டும்?

தல்லாகுளம் விசாலாட்சி

அவசரத்துக்கு மட்டும். 200 டாலர் எடுத்தால் 13,600 ரூபாய். மார்க்அப்பும் வரியும் 562. ஒரு தடவைக்கு வங்கிக் கட்டணம் 150 ரூபாயும் வரியும் என்றால் 177. ஆக 739 ரூபாய், அந்த ஊர் ஏடிஎம் கட்டணம் இதில் சேரவில்லை. எடுப்பதென்றால் 50, 50-ஆக எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள்.

எடுக்கும்போது திரையில் ஒன்று கேட்கும். எந்த ஏடிஎம்மாக இருந்தாலும் இதைக் கவனியுங்கள். ரூபாயில் இவ்வளவு ஆகும், சம்மதமா என்று ஒரு தொகையைக் காட்டும். நமக்கு ரூபாயில் பார்த்தால் மனசுக்கு நிம்மதியாக இருக்கும், அதற்காகத்தான் காட்டுகிறார்கள். அந்த ரேட் அவர்கள் வைத்தது, பெரும்பாலும் மோசம். Decline Conversion என்பதையோ Continue without conversion என்பதையோ அழுத்துங்கள். Decline என்று இருப்பதால் பணமே வராது என்று பயந்து பலர் மற்றதை அழுத்திவிடுகிறார்கள். பணம் வரும், மாற்றும் வேலை மட்டும் நம் வங்கிக்குப் போகும்.

கடை எந்திரத்திலும் இதே கேள்வி வரும். INR, SGD இரண்டும் காட்டினால் SGD. ஃபாரெக்ஸ் கார்டில் INR அழுத்தினால் இன்னும் கேடு. டாலர் பில்லைக் கடைக்காரர் ரூபாயாக மாற்றுவார், நம் கார்டில் ரூபாய் இல்லாததால் அது திரும்ப டாலராக மாறும். ரசீதில் INR என்று இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

மேலூர் பாண்டி

அக்கா, ஒரு சந்தேகம். ஃபாரெக்ஸ் கார்டில் இன்றைக்கே 2000 டாலர் ஏற்றிவிட்டு, அங்கே போனதும் டாலர் விலை இறங்கினால் நஷ்டம்தானே? நான் சொல்கிற கார்டில் அன்றைக்கு அன்றைக்கு ரேட்.

தல்லாகுளம் விசாலாட்சி

ஏறினால் லாபம் தம்பி. ஒரு மாதத்தில் எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது, செலாவணிப் பிரிவில் உட்கார்ந்திருந்தபோதும் தெரியாது. பென்ஷனில் வாழ்கிறவருக்கு இவ்வளவுதான் செலவு என்று முன்கூட்டியே தெரிவது உதவி என்பது என் எண்ணம். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

மிச்சம்தான் எனக்குப் பெரிய கவலை. வங்கிகள் தினமும் ரேட் பட்டியல் போடுகின்றன. ஸ்டேட் வங்கிப் பட்டியலில் ட்ராவல் கார்டுக்கு என்றே வாங்கும் ரேட் ஒன்று, விற்கும் ரேட் ஒன்று இருக்கும். நாம் ஏற்றும்போது விற்கும் ரேட், திருப்பும்போது வாங்கும் ரேட். ஒன்று 69.70, இன்னொன்று 66.60 என்று வையுங்கள். 400 டாலர் மிச்சத்தோடு வந்தால் 1,240 ரூபாய் போயிற்று. அதனால் 2000-ஐயும் ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். 1200 ஏற்றுங்கள், ரொக்கம் 500, மீதி தேவைப்பட்டால் பார்த்து ஏற்றிக்கொள்ளலாம்.

அங்கிருந்து ஏற்ற வேண்டுமானால் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்கு வரும். கிளம்புவதற்கு முன் ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு சிங்கப்பூர் சிம் போட்டால் சில வங்கி ஆப்கள் திறக்கவே திறக்காது.

கே.கே.நகர் சுந்தரம்

இன்று விசாரித்து வந்தேன். சந்தை ரேட் காலையில் 68.10 காட்டியது. எங்கள் கிளையில் 69.55 சொன்னார்கள். டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு நாணய மாற்று நிறுவனத்தில் முதலில் 69.20 என்றார்கள். கிளையில் சொன்னதைச் சொல்லாமல், வேறு இடத்திலும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். 68.80-க்கு இறங்கி வந்தார்கள், கார்டுக்குக் கட்டணம் இல்லையாம். பாஸ்போர்ட், பான், டிக்கெட் நகல் கேட்டார்கள், வெளிநாட்டுப் பணம் வாங்க நிரப்புகிற ஏ2 படிவம் அங்கேயே தருகிறார்கள். பணம் ரொக்கமாக வாங்க மாட்டோம், என் கணக்கிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். ரிங்கிட் அந்தக் கார்டில் இல்லை.

மார்க்அப் இல்லாத கார்டுக்கும் ஆப்பில் முயன்றேன். வீடியோவில் பேசியாயிற்று, கார்டு வர நாளாகும் என்கிறார்கள். கிளம்புவதற்குள் வருமா என்று தெரியவில்லை.

தல்லாகுளம் விசாலாட்சி

68.80 நல்ல ரேட் சார். 1200 டாலருக்கு 82,560, வரி 149. சந்தையைவிட 989 ரூபாய்தான் அதிகம். கிளையில் வாங்கியிருந்தால் இன்னும் 900 போயிருக்கும். 50,000-க்கு மேல் ரொக்கம் வாங்கக்கூடாது என்பது விதி, அவர்கள் சொன்னது சரி.

ஏற்றுவதற்கு முன் இரண்டு கேள்வி மட்டும். தொலைந்தால் போட மாற்று கார்டு ஒன்று சேர்த்துத் தருவார்களா? அங்கிருந்து ஆப்பில் ஏற்ற முடியுமா, இல்லை இங்கே யாராவது கடைக்கு வர வேண்டுமா? வங்கி நேரடியாகத் தராத கார்டில் இரண்டாவது அடிக்கடி சிக்கலாகும். அம்மாவின் விசா கார்டை வெளிநாட்டுக்குத் திறந்து, நாள் வரம்பு 15,000 போட்டு, ஃபாரெக்ஸ் கார்டு இருக்கிற பையில் வைக்காமல் வேறு பையில் வையுங்கள்.

சிராங்கூன் செல்வி

மாமா, இன்று மாலை வேலை முடிந்து போகிற வழியில் இரண்டு கடையில் ரூபாய்க்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டு இங்கே போடுகிறேன்.

மேலூர் பாண்டி

சார், அந்தக் கார்டு வந்துவிட்டால் கிளம்புவதற்கு முன் மாட்டுத்தாவணியிலோ எங்கேயோ ஒரு கடையில் தேய்த்துப் பாருங்கள். ஓடினால் ஃபாரெக்ஸில் 1200 ஏற்றாமல் 600 ஏற்றினாலே போதும். இதில் அக்கா என்ன சொல்கிறார்களோ.

தல்லாகுளம் விசாலாட்சி

600 ஏற்றினாலும் சரிதான், ஆனால் 68.80 என்று சொன்னது 1200-க்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொகை குறைந்தால் ரேட்டை மாற்றுவார்கள்.

கே.கே.நகர் சுந்தரம்

வெள்ளிக்கிழமை போகிறேன் மேடம். 600-க்கும் ரேட் கேட்டுவிட்டு, மாற்று கார்டு விவரத்தோடு இங்கே எழுதுகிறேன்.